முகாமில் காட்டிய 318

கிராம முகாம்களில் விரலைக் குத்திப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை, சாப்பிட்ட நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் எடுக்கப்படுவது. வந்தவர் காலையில் இட்லி சாப்பிட்டிருக்கலாம், வழியில் டீ குடித்திருக்கலாம், வெறும் வயிற்றோடும் வந்திருக்கலாம். அந்த நிமிடத்தில் ரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறது என்பதை மட்டுமே கருவி காட்டும். இந்தியாவில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கான தொற்றாநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில், இப்படி எடுத்த அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. இந்த எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டரில், அதாவது 100 மில்லிலிட்டரில், எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்பதைக் குறிப்பவை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்குப் பிறகு, இந்தப் பரிசோதனை வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. பெரும்பாலும் அதே ஊரின் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்களே சுகாதாரத் தன்னார்வலர்களாக இருந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். முகாமில் அதிக சர்க்கரை தெரியவந்த ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று முடிவாகும்வரை நடப்பவற்றை ஒரு மாதிரி நிகழ்வின் மூலம் வரிசையாகப் பார்க்கலாம். இதில் வரும் கடைக்காரர் கற்பனை மனிதர். அளவுகளும் கணக்குகளும் நடைமுறையில் உள்ளவை.

கடையிலிருந்து முகாமுக்கு

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு வயது 46. முகாம் நடக்கும் பள்ளிக்கூடம் கடைக்கு எதிரே இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டவர், பத்தரை மணிவாக்கில் வியாபாரம் குறைந்ததும் மனைவியைக் கடையில் உட்கார வைத்துவிட்டு வருகிறார். வருவதற்குச் சற்று முன்பு மண்டை வெல்லத்தை உடைத்து நிறுத்துப் பொட்டலம் கட்டியிருக்கிறார். தாரிலிருந்து இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்திருக்கிறார். வரிசை நீளமாக இருப்பதால் தன்னார்வலர் விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்துகிறார். கருவியில் 318 என்று வருகிறது.

ஒரு தேர்ந்த பணியாளர் இந்த இடத்தில் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவதற்கு முன் கையைப் பார்ப்பார்.

“கை கழுவிட்டா வந்தீங்க அண்ணாச்சி?”

“துண்டுல துடைச்சுக்கிட்டுத்தானம்மா வந்தேன்.”

அவரைக் குழாயடிக்கு அனுப்பி, சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக ஈரம் உலர்த்தி வரச் சொல்கிறார் தன்னார்வலர். வேறு விரலில், புது ஊசியால், புதுப் பட்டையில் மறுபடி பார்க்கும்போது 236. சில நிமிட இடைவெளியில் 82 குறைந்திருக்கிறது. ரத்தத்தில் இருந்த சர்க்கரை அதற்குள் இவ்வளவு இறங்கியிருக்க வழியில்லை. அந்த 82-இல் பெரும்பகுதி விரலின் தோலில் ஒட்டியிருந்தது.

துளி எண்ணாக மாறும் விதம்

தோலில் ஒட்டியிருந்த இனிப்பு எப்படிக் கருவியை ஏமாற்றியது என்பதைப் புரிந்துகொள்ள, பட்டைக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். குளுக்கோமீட்டரின் சோதனைப் பட்டையை ஸ்ட்ரிப் என்பார்கள். அதன் நுனியில் மிக மெல்லிய இடைவெளி இருக்கிறது. ரத்தத் துளியில் நுனியைத் தொட்டால் அந்த இடைவெளி வழியே ரத்தம் தானாக உள்ளே ஏறும். பல கருவிகளுக்கு ஒரு மைக்ரோலிட்டர் அல்லது அதற்கும் குறைவான ரத்தம் போதும். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோலிட்டர்.

உள்ளே ஒரு நொதி காயவைத்துப் பூசப்பட்டிருக்கும். பல பட்டைகளில் அது குளுக்கோஸ் ஆக்சிடேஸ், மற்றவற்றில் குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ். ரத்தம் பட்டதும் நொதி கரைந்து, குளுக்கோஸ் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கிறது. இடைத்தரகராக இருக்கும் ஒரு வேதிப்பொருள் அந்த எலக்ட்ரான்களை மின்முனைக்குக் கொண்டு சேர்க்கிறது. குளுக்கோஸ் அதிகமானால் எலக்ட்ரான்களும் அதிகம், ஓடும் மின்சாரமும் அதிகம். கருவி இந்த மின்னோட்டத்தை அளந்து, தனக்குள் பதிந்திருக்கும் கணக்கின்படி ஐந்தாறு வினாடிகளில் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. நொதியை மின்முனையோடு சேர்த்துக் குளுக்கோஸை அளக்கலாம் என்ற யோசனையை 1962-இல் அமெரிக்க ஆய்வாளர் லேலண்ட் கிளார்க் வெளியிட்டார். இன்று முகாம் மேசையில் இருக்கும் கருவி அந்த யோசனையின் வழிவந்ததுதான்.

நொதிக்குக் குளுக்கோஸைத் தெரியுமே தவிர, அது ரத்தத்திலிருந்து வந்ததா, விரல் தோலிலிருந்து வந்ததா என்று தெரியாது. அளவு மிகச் சிறியது என்பதால் தவறும் எளிதில் பெரிதாகிவிடுகிறது. சர்க்கரை 100 என்றால் ஒரு மைக்ரோலிட்டரில் இருப்பது ஒரு மைக்ரோகிராம் குளுக்கோஸ்தான், அதாவது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விரலில் திரண்ட துளி மூன்று மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் 82 கூடுவதற்கு இரண்டரை மைக்ரோகிராம் குளுக்கோஸ் கலந்தால் போதும். வெல்லத்தின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக ஏற்கெனவே பிரிந்த நிலையில் இருக்கிறது. ஐம்பது மைக்ரோகிராம் வெல்லம், கண்ணுக்கே தெரியாத அந்தப் பிசுக்கு, கணக்கைச் சரிக்கட்டிவிடும். வாழைப்பழச் சாறும் தேனும் பேரீச்சையும் இதே வேலையைச் செய்யும்.

வெள்ளைச் சர்க்கரை இதில் சற்று மாறுபடுகிறது. அதில் இருப்பது சுக்ரோஸ், குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒன்றாகப் பிணைந்த மூலக்கூறு. பிணைப்பு உடையாதவரை பட்டையிலுள்ள நொதி அதைத் தொடாது. ஆகவே மளிகைக் கடையில் கருவியை அதிகம் ஏமாற்றுவது சர்க்கரை மூட்டையைவிட வெல்லமும் பழத்தாரும்தான்.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தது ஏன் பயன்படவில்லை என்ற கேள்வி எழலாம். சர்க்கரைகள் நீரில் நன்றாகக் கரையும், ஆல்கஹாலில் மிகக் குறைவாகவே கரையும். ஆல்கஹால் பஞ்சு கிருமிகளைக் குறைக்கும். இனிப்பைப் பெரும்பாலும் விரலிலேயே பரப்பிவிடும். 2011-இல் ஜப்பானில் வெளியான ஓர் ஆய்வில், ஆரஞ்சு, திராட்சை, கிவி ஆகிய பழங்களை உரித்தவர்களின் விரலிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆல்கஹால் பஞ்சால் துடைத்த பிறகும் அளவு பொய்யாக உயர்ந்தே இருந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவியதும் உண்மை அளவு வந்தது.

தண்ணீருக்கு வசதி இல்லாத முகாமில் ஈரப் பஞ்சால் நன்றாகத் துடைத்து, உலரவிட்டு, முதல் துளியைப் பஞ்சில் ஒற்றி எடுத்துவிட்டு இரண்டாவது துளியில் பார்ப்பது அடுத்த வழி. விரல் உலராமல் இருந்தால் எதிர்த்திசையில் பிழை வரும்: தண்ணீர் துளியோடு கலந்து அளவைக் குறைத்துக் காட்டும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தாலும், திசுக்களுக்கிடையே இருக்கும் நீர் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுக்கும். அதனால்தான் கையைச் சற்று நேரம் கீழே தொங்கவிடச் சொல்வார்கள். ஊசியை விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துவது வலியைக் குறைப்பதற்காக.

பட்டை கெடும் வழிகள்

கை சுத்தமாக இருந்தும் எண் தவறாக வர இன்னொரு காரணம் பட்டைதான். நொதி ஒரு புரதம். வெப்பமும் ஈரமும் அதைச் சிதைக்கும். பெரும்பாலான பட்டைகளை 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாது என்று குப்பியிலேயே அச்சிட்டிருக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் டிக்கிக்குள் வெப்பம் இதைச் சாதாரணமாகத் தாண்டும். குப்பியின் மூடியில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஒரு பட்டையை எடுத்தவுடன் மூடாமல், வரிசை நகர வசதியாக இருக்கட்டும் என்று குப்பியைத் திறந்தே வைத்தால், மாலைக்குள் எல்லாப் பட்டைகளும் காற்றின் ஈரத்தை வாங்கிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கருவியோடு வரும் கட்டுப்பாட்டுத் திரவத்தில் குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்ததாக இருக்கும். முகாம் தொடங்கும் முன் ஒரு பட்டையில் அந்தத் திரவத்தை விட்டுப் பார்த்து, குப்பியில் அச்சிட்ட எல்லைக்குள் எண் வந்தால் கருவியும் பட்டையும் சரி. வராவிட்டால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். முகாமில் அடுத்தடுத்து வரும் எல்லோருக்கும் அளவு வழக்கத்தைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பதும் ஓர் அறிகுறிதான். ஊர் முழுவதும் ஒரே நாளில் மாறியிருக்காது, குப்பிதான் கெட்டிருக்கும்.

ரத்தத்தின் தன்மையும் எண்ணை மாற்றும். ரத்தசோகை உள்ளவருக்குச் சிவப்பணுக்கள் குறைவு என்பதால் பல கருவிகள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கிராமப் பெண்களிடையே ரத்தசோகை பரவலாக இருப்பதால், முகாமில் பெண் ஒருவருக்கு எல்லைக்கோட்டை ஒட்டி வரும் எண்ணைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் கருவிக்கென்று அனுமதிக்கப்பட்ட பிழை ஒன்று உண்டு. 2013-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலைப்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். கடைக்காரரின் 236-ஐ இப்படிப் படித்தால், உண்மை அளவு 205-இலிருந்து 278 வரை எங்கேயும் இருக்கலாம். 145 என்று வந்திருந்தால் அது 140-க்கு மேலா கீழா என்றே சொல்ல முடியாது. 236-இல் அந்தச் சந்தேகம் இல்லை. எவ்வளவு தள்ளிப் பார்த்தாலும் அனுப்பி வைக்க வேண்டிய எல்லையைத் தாண்டிவிட்ட எண் அது.

236 என்றால் உடலுக்குள் என்ன நடக்கிறது

ஒரு சராசரி உடலில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. சர்க்கரை 100 என்ற அளவில், அத்தனை ரத்தத்திலும் சேர்த்து இருப்பது ஐந்து கிராம் குளுக்கோஸ்தான், ஒரு தேக்கரண்டி அளவு. நான்கு இட்லியில் இதைப்போலப் பல மடங்கு மாவுச்சத்து இருக்கிறது. அது செரித்துக் குளுக்கோஸாகக் குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும்போது, கணையத்தின் இன்சுலின் அதைத் தசைகளுக்கும் கல்லீரலுக்கும் உடனுக்குடன் அனுப்பிவிடுகிறது. அதனால்தான் ஆரோக்கியமானவருக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளவு பெரும்பாலும் 140-க்குள் வந்துவிடுகிறது.

கடைக்காரர் சாப்பிட்டு இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் 236-இல் நிற்கிறது என்றால், வந்த குளுக்கோஸ் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. தசைகளும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை; அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையத்தால் இன்சுலின் சுரக்கவும் முடியவில்லை. இரண்டாம் வகை நீரிழிவின் அடிப்படை இந்த இரண்டும் சேர்ந்ததுதான். “நான் விக்கிறதோட சரி, இனிப்பு வாயில வைக்கிறதே இல்லை” என்று கடைக்காரர் சொன்னாலும் அது இந்த எண்ணோடு முரண்படாது. சோறும் இட்லியும் உடலுக்குள் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன. இரவில் எதுவும் சாப்பிடாத நேரத்தில்கூட கல்லீரல் தன் பங்குக்குக் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்கி வைப்பதும் இன்சுலினின் வேலையே.

உடம்பில் எதுவும் தெரியவில்லையே என்பது முகாமில் அடிக்கடி கேட்கும் கேள்வி. விடை சிறுநீரகத்தில் இருக்கிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதோடு வரும் குளுக்கோஸை எல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டும்போதுதான் உறிஞ்சும் திறன் போதாமல் மிச்சம் சிறுநீரில் இறங்குகிறது. சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துச் செல்லும். அதனால் அடிக்கடி சிறுநீர் கழித்தல், அதனால் தாகம், சக்தி வீணாவதால் எடை குறைவு என்று ஒன்றன்பின் ஒன்றாக அறிகுறிகள் வருகின்றன. 140-க்கும் 180-க்கும் இடையில் பல ஆண்டுகள் கழிந்தாலும் இவற்றில் எதுவும் தலைகாட்டாது.

தன்னார்வலர் கேட்கும்போது கடைக்காரர் யோசித்துச் சொல்கிறார்: சில மாதங்களாக இரவில் இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, அதிகம் தண்ணீர் குடிப்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். தண்ணீர் அதிகம் குடிப்பதை வெயில் கணக்கில் எழுதிவிட்டார். அறிகுறி இருந்தது, அதற்கு வேறு பெயர் வைக்கப்பட்டிருந்தது.

ஊசியே இல்லாமல் இவருடைய வாய்ப்பைக் கணக்கிட்டிருக்கவும் முடியும். சென்னையில் மருத்துவர் வி. மோகனும் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் நான்கே விவரங்களைக் கேட்கிறது. வயது 35-இலிருந்து 49-க்குள் என்பதற்கு 20, ஆணின் இடுப்புச் சுற்றளவு 90-இலிருந்து 99 சென்டிமீட்டருக்குள் என்பதற்கு 10, உடலுழைப்பே இல்லாமல் உட்கார்ந்தபடி வேலை என்பதற்கு 30, பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருப்பதற்கு 10. இடுப்பு 96 சென்டிமீட்டர், காலையிலிருந்து இரவுவரை கல்லாவில் உட்காரும் வேலை, தாய்க்குச் சர்க்கரை என்ற நிலையில் கடைக்காரர் 70 பெறுகிறார். 60-ம் அதற்கு மேலும் அதிக அபாயம் என்று அந்த முறை வகுக்கிறது. இப்படிப்பட்டவரிடம் 236 வரும்போது அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு.

முகாம் எண்ணிலிருந்து நோய் முடிவுக்கு

இருந்தாலும் அன்றைக்கே ‘உங்களுக்குச் சர்க்கரை நோய்’ என்று சொல்வதில்லை. விரல் நுனி ரத்தத்தைக் கருவியில் பார்ப்பது சலித்தெடுக்கும் பரிசோதனை. நோய் என்று முடிவுகட்ட சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். சாப்பிட்ட பின் இந்த இரண்டு ரத்தத்துக்குமே வேறுபாடு இருக்கிறது. விரல் நுனிக்கு வருவது பெரும்பாலும் தமனி வழியே புதிதாக வரும் ரத்தம். திசுக்கள் குளுக்கோஸை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பும் ரத்தம்தான் கையில் ஊசி போடும் சிரையில் ஓடுவது. ஆகவே சாப்பிட்ட பின் விரல் அளவு கூடுதலாகவும், வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவும் இருக்கும்.

கடைக்காரர் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்படுகிறார். நாள் குறிக்கும்போது சொல்ல வேண்டிய விவரம் ஒன்றுதான், ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டும்: குறைந்தது எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம், டீ, காபி கூடாது. கடை திறக்கும்போது குடிக்கும் ஒரு டம்ளர் டீயைச் சாப்பாட்டில் சேர்க்காதவர்கள் அதிகம். இன்னொரு பக்கம், முடிவு நன்றாக வர வேண்டும் என்று மூன்று நாள் சோற்றைக் குறைத்துவிட்டு வருபவர்களும் உண்டு. வழக்கம்போலச் சாப்பிட்டு வந்தால்தான் வழக்கமான நிலைமை தெரியும்.

முதலில் வெறும் வயிற்று ரத்தம் எடுக்கப்படுகிறது. பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துச் சில நிமிடங்களுக்குள் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து மறுபடியும் எடுக்கிறார்கள். இடையில் கடைக்கு ஓடிவிட்டு வருவது கூடாது, ஏனென்றால் நடந்தால் தசைகள் குளுக்கோஸை எரித்து அளவைக் குறைத்துவிடும். எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் வைத்தால் அதிலுள்ள அணுக்கள் உயிரோடு இருப்பதால் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு குறையும். ஆகவே மாதிரி வேறு ஊருக்குப் போவதாக இருந்தால், சோடியம் ஃபுளூரைடு சேர்த்த சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்துக் குளிர்ச்சியில் வைத்து விரைவில் பிரித்தெடுக்க வேண்டும். தாமதமாகப் போய்ச்சேர்ந்த குழாய் நோயாளியை நோயற்றவராகக் காட்டிவிடும்.

நோய்க்கான எல்லைகள் இவை: வெறும் வயிற்றில் 126 அல்லது மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது மேல், ஹெச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது மேல். அறிகுறி இல்லாதவருக்கு இவற்றில் இரண்டு முடிவுகள் ஒத்து வர வேண்டும். தாகம், அதிகச் சிறுநீர், எடை குறைவு போன்ற தெளிவான அறிகுறிகள் உள்ளவருக்கு, நேரம் பார்க்காமல் எடுத்த ஆய்வக அளவு ஒன்று 200-ஐத் தொட்டாலே போதும்.

கடைக்காரருக்கு வெறும் வயிற்றில் 148, இரண்டு மணி நேரத்தில் 262. ஹெச்பிஏ1சி 8.1. மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்ற அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஒட்டிய குளுக்கோஸ் அது சாகும்வரை பிரிவதில்லை. ஆகவே இந்த அளவு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. விழுக்காட்டை 28.7 ஆல் பெருக்கி 46.7 ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை கிடைக்கும். 8.1-க்கு அது ஏறக்குறைய 186. முகாமில் வந்த 236 சாப்பிட்ட பிறகான உயரம். 186 இரவு பகல் எல்லாம் சேர்ந்த சராசரி. இரண்டும் ஒரே நிலைமையின் இரண்டு அளவுகள், முரண்பாடு இல்லை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவருக்கு ஹெச்பிஏ1சி கூடுதலாகவும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவருக்குக் குறைவாகவும் வரும். அவர்களுக்கு மற்ற இரண்டு அளவுகளையே நம்ப வேண்டும்.

முடிவான பிறகு

நோய் உறுதியான அன்றே கண், சிறுநீரகம், பாதம், ரத்த அழுத்தம் ஆகியவை பார்க்கப்படுகின்றன. இரண்டாம் வகை நீரிழிவு சத்தமில்லாமல் சில ஆண்டுகள் இருந்த பிறகே பெரும்பாலும் வெளியே தெரிகிறது என்பதே காரணம். நோய் தெரியவந்த நாளிலேயே சிலருக்கு விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருக்கும். சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்பது சிறுநீரகத்துக்கான பரிசோதனை. பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்தி, அது வளையும்போது நோயாளிக்கு உணர்வு தெரிகிறதா என்று பார்ப்பது நரம்புகளுக்கானது.

மருந்து வழக்கமாக மெட்ஃபார்மினில் தொடங்குகிறது. கல்லீரல் குளுக்கோஸை வெளிவிடுவதைக் குறைப்பது அதன் முக்கிய வேலை. வயிற்றுப் புரட்டலும் பேதியும் வரலாம் என்பதால் 500 மில்லிகிராமில், சாப்பாட்டோடு சேர்த்துத் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். அந்த முதல் இரண்டு வாரத்தில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் பலர். மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கும் தன்னார்வலர் போன முறை கொடுத்த அட்டையில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். ஹெச்பிஏ1சி மறுபடியும் மூன்று மாதம் கழித்தே பார்க்கப்படும். அதற்கு முன் பார்த்தால் பழைய சிவப்பணுக்களின் கணக்கும் கலந்து வந்து, முன்னேற்றத்தைக் குறைத்துக் காட்டும்.

எல்லா உயர்ந்த எண்களும் இப்படி நாள் குறித்து அனுப்பக்கூடியவை அல்ல. 250-ஐத் தாண்டிய அளவோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இன்சுலின் மிகவும் குறைந்து ரத்தம் அமிலமாகும் நிலையாக அது இருக்கலாம். இளவயதில் சில வாரங்களுக்குள் எடை சட்டென்று இறங்கியவர்களிடம் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. அதே முகாமில் கடைக்காரரின் மனைவி காலை உணவைத் தள்ளிப் போட்டுவிட்டு வந்து பார்க்கும்போது 128 என்று வரலாம். 140-க்குக் கீழே என்பதால் அவர் பெயருக்கு நேராகச் ‘சரி’ என்று எழுதப்படும். வெறும் வயிற்றில் எடுத்தது என்றால் அதே 128, நோயின் எல்லையான 126-ஐத் தாண்டிய எண். ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் எழுதுவது அவசியமாகிறது. எட்டு மணி நேரமாக எதுவும் சாப்பிடாதவருக்கு 100-க்கு மேல் வந்தால், 140-ஐத் தொடவில்லை என்றாலும் ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்புவதே சரி. அளவு உண்மையிலேயே இயல்பாக இருப்பவர்களுக்கும் அந்த முடிவு அந்த ஆண்டுக்கு மட்டுமே செல்லும். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் மறுபடி பார்க்க வேண்டும் என்று திட்டம் வகுத்திருப்பது அதனால்தான்.